ஆளுக்கொரு கேள்வியா, ஒருவரிடமே இரண்டுமா?

சிகாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நார்க் ஆய்வு மையம் 1972 முதல் ‘ஜெனரல் சோஷியல் சர்வே’ என்ற கணிப்பை நடத்திவருகிறது. அதில் ஒரு பழைய கேள்வி உண்டு. நாட்டின் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதற்கு அரசு செலவிடுவது அதிகமா, குறைவா, சரியான அளவா என்று கேட்பார்கள். பட்டியலில் ‘வெல்ஃபேர்’ ஓர் இனம். 1984-இல் பட்டியலில் சில இனங்களின் பெயரைச் சிலருக்கு மாற்றிப் படித்தார்கள், ‘வெல்ஃபேர்’ அதில் ஒன்று. ஒரு பகுதியினருக்கு ‘வெல்ஃபேர்’ என்று படித்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு ‘ஏழைகளுக்கு உதவி’ என்று படித்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. ‘வெல்ஃபேர்’ என்ற சொல் காதில் விழுந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் செலவு குறைவு என்றார். ‘ஏழைகளுக்கு உதவி’ என்று விழுந்தவர்களில் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு இடறல் வரும். நமக்கு ‘நலத்திட்டம்’ நல்ல சொல், மேடையில் பெருமையாகச் சொல்லும் சொல். அமெரிக்காவில் ‘வெல்ஃபேர்’ அப்படி அல்ல. உழைக்காமல் வாங்கித் தின்பவர்கள் என்ற வாடை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘இலவசம்’ என்று சிலர் முகம் சுளித்துச் சொல்வார்களே, அதற்குத்தான் அது பக்கம். 2011-க்குப் பிறகு தமிழக அரசு ‘இலவச’ என்பதை விட்டு ‘விலையில்லா’ என்று எழுதத் தொடங்கியது நினைவிருக்கும்.

சரி, இந்த மாதிரிச் சோதனையை நாமே செய்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. ஆட்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு வடிவம் கேட்பதா? இல்லை, ஒரே ஆளிடம் இரண்டு வடிவங்களையும் கேட்டு, அவர் பதில் மாறுகிறதா என்று பார்ப்பதா? இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒரு சாய்வு உண்டு; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரித்துக் கேட்பதுதான் பழைய வழி. டொனால்ட் ரக் 1941-இல் வெளியிட்ட சோதனை இதன் ஆரம்ப உதாரணங்களில் ஒன்று. ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை ‘அனுமதிக்க வேண்டுமா’ என்று ஒரு சாராரிடமும், ‘தடைசெய்ய வேண்டுமா’ என்று இன்னொரு சாராரிடமும் கேட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடைசெய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம். ஏரணப்படி இரண்டும் ஒன்றுதான், ஆனால் ‘தடை’ என்ற சொல்லுக்கு ஒப்புதல் தர மக்கள் தயங்கினார்கள்.

இந்த வழியின் பலம், பதில் சொல்பவருக்கு இன்னொரு வடிவம் இருப்பதே தெரியாது என்பது. ‘வெல்ஃபேர்’ என்று கேட்டவர் அந்தச் சொல் எழுப்பும் படத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறார். வாழ்க்கையிலும் அப்படித்தானே? தலைப்புச் செய்தியில் ஒரு சொல்தான் வருகிறது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவதில்லை.

பலவீனம் ஆள் எண்ணிக்கை. 1984-இல் சுமார் 1,500 பேரை மூன்றாகப் பிரித்தார்கள், ஒரு பகுதிக்கு ஏறக்குறைய 500. (மூன்றாவது பகுதிக்கு ‘ஏழைகளைப் பராமரித்தல்’ என்ற வடிவம்.) கணக்குக்காக 25, 64 என்று எடுத்துக்கொண்டால் இடைவெளி 39 புள்ளி, 500-க்கு 500 என்ற அளவில் அதன் பிழை எல்லை கூட்டியும் குறைத்தும் 6 புள்ளி. 33 ஆனாலும் 45 ஆனாலும் கதை ஒன்றுதான். ஆனால் எல்லாச் சொல்மாற்றமும் இவ்வளவு பலமாக அடிக்காது. உண்மையான வித்தியாசம் 5 புள்ளிதான், கருத்தும் ஐம்பதுக்கு ஐம்பதாகப் பிளந்திருக்கிறது என்று வையுங்கள். ஐந்தில் நான்கு தடவையாவது அந்த வித்தியாசம் நம் கண்ணில் படவேண்டுமானால், பக்கத்துக்குச் சுமார் 1,600 பேர், ஆக 3,200 பேர் வேண்டும். சின்ன ஆய்வுக்குழுக்கள் இந்த இடத்தில்தான் கையைப் பிசைகின்றன.

இன்னொரு பலவீனம் பலர் கவனிக்காதது. 39 புள்ளி இடைவெளி என்றால் நூற்றில் 39 பேர் சொல்லுக்கு மயங்குகிறார்கள் என்று அர்த்தமா? குறைந்தது 39 பேர் என்றுதான் சொல்லலாம். ‘வெல்ஃபேர்’ போதாது என்ற 25 பேரும், ‘ஏழைகளுக்கு உதவி’ போதாது என்ற 64 பேருக்குள் அடங்கிவிட்டால் 39. அந்த 25 பேரில் ஒருவர்கூட 64-க்குள் இல்லை என்றால், 64 பேர் ஒரு பக்கமாகவும் 25 பேர் எதிர்ப்பக்கமாகவும் மாறுகிறார்கள் என்று ஆகும். பிரித்துக் கேட்ட தரவு இந்த இரண்டையும் வேறுபடுத்தாது. ஒருவரிடம் ஒரு கேள்விதானே கேட்டோம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் இரண்டாவது வழி. ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்டால் யார் மாறினார், எந்தப் பக்கம் மாறினார் என்று நேரே தெரியும். ஆளும் மிச்சம். தொடர்பே இல்லை என்பது 0, முழுத் தொடர்பு 1 என்ற கணக்கில், ஒருவருடைய இரண்டு பதில்களுக்கும் இடையே 0.5 அளவுக்குத் தொடர்பு இருந்தால், மேலே சொன்ன 3,200 பேருக்குப் பதில் 800 பேர் போதும். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கழிந்துபோவதும், ஒவ்வொருவரும் இரண்டு பக்கமும் எண்ணப்படுவதும்தான் காரணம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹைமனும் ஷீட்ஸ்லியும் கண்டதைப் பாருங்கள். 1948-இல் அமெரிக்கர்களிடம், கம்யூனிஸ்ட் நாட்டுச் செய்தியாளர்களை இங்கே வந்து தாங்கள் காண்பதை எழுத விடலாமா என்று கேட்டார்கள். அதை முதலில் கேட்டபோது சுமார் 36 சதவீதம்தான் விடலாம் என்றார்கள். அமெரிக்கச் செய்தியாளர்களை ரஷ்யாவில் எழுத விடவேண்டுமா என்று முதலில் கேட்டு, அப்புறம் இதைக் கேட்டபோது அது 73 சதவீதமாக எகிறியது. நம் ஆளுக்கு ஒரு நியாயம், அவர்கள் ஆளுக்கு ஒரு நியாயமா என்ற உறுத்தல் முதல் பதிலிலேயே உட்கார்ந்துவிட்டது. நம் சோதனையிலும் இதே உறுத்தல்தான் எதிரி. ‘ஏழைகளுக்கு உதவி போதாது’ என்று சொன்னவர் இரண்டு நிமிடம் கழித்து ‘வெல்ஃபேர்’ கேட்டால், முன்னே சொன்னதற்கு ஒத்துப்போகப் பார்ப்பார். அப்போது நாம் அளப்பது சொல்லின் வலிமையை அல்ல, முரண்படக் கூடாது என்ற மனிதக் கூச்சத்தை.

நல்ல வேளை, இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. எந்த வடிவம் முதலில் என்பதையும் குலுக்கலில் விடவேண்டும். கற்பனையாக 800 பேர் என்று வைப்போம். 400 பேருக்கு ‘வெல்ஃபேர்’ முதலில் வருகிறது: அதில் 30 சதவீதம் செலவு போதாது என்கிறார்கள், பின்னால் வரும் ‘ஏழைகளுக்கு உதவி’க்கு 47. மற்ற 400 பேருக்கு ‘ஏழைகளுக்கு உதவி’ முதலில்: 55 சதவீதம், பின்னால் வரும் ‘வெல்ஃபேர்’ 44. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இடைவெளி 14 புள்ளி. ஆனால் முதல் பதில்களை மட்டும் எடுங்கள்: 55-க்கு 30, இடைவெளி 25. இரண்டாவது பதில்களை மட்டும் எடுத்தால் 47-க்கு 44, வெறும் 3. முதல் கேள்வி இரண்டாவதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. இந்த நிலையில் 25-ஐத்தான் அறிக்கையில் எழுதவேண்டும், 14-ஐ அல்ல. அதாவது முதல் பதில்கள் தம்மளவில் ஒரு பிரித்துக் கேட்ட சோதனைதான். இரண்டாவது வழி கெட்டுப்போனாலும் முதல் வழி கைக்கு மிஞ்சுகிறது, பாதி பலத்தோடு. வரிசையைக் குலுக்காமல் எல்லோருக்கும் ஒரே வரிசையில் கேட்டவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

இரண்டாவது வழியைக் கண்டாலே ஓட வேண்டும் என்றும் இல்லை. கிளிஃபர்ட், ஷீக்லி, பிஸ்டன் மூவரும் 2021-இல் ஒரே சோதனைகளை வெவ்வேறு அமைப்புகளில் நடத்தி ஒப்பிட்டார்கள். ஒரே ஆளைத் திரும்பக் கேட்டதால் துல்லியம் கூடியது, விளைவின் அளவு பெரிதாக மாறவில்லை என்பது அவர்கள் கண்டது. எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான். கூடுதல் தகவல் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டால், ‘இப்போதுதான் தெரிந்தது, மாற்றிக்கொள்கிறேன்’ என்று சொல்ல ஆளுக்கு மரியாதையான வழி இருக்கிறது. வெறும் பெயரை மாற்றிக் கேட்டால் அந்த வழி இல்லை. மாறினால் ஏமாந்தவர் போல ஆகிவிடும்.

இரண்டு கேள்விக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விடலாம் என்பார்கள். மறதி உதவும்தான். ஆனால் இரண்டாம் சுற்றுக்கு எல்லோரும் திரும்பி வரமாட்டார்கள், நடுவில் நாட்டு நிலவரமும் மாறிவிடலாம்.

பிரித்துக் கேட்பதிலும் களத்தில் இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, குலுக்கல் ஆள் வாரியாக நடக்காமல் கேட்பவர் வாரியாக நடந்துவிடுவது. ஒரு வடிவத்தின் அச்சுத்தாள் கட்டு முழுவதும் ஒரே ஊழியர் கையில் போனால், நாம் அளப்பது சொல்லையா, அந்த ஊழியரின் குரலையா என்று பிரிக்க முடியாது. இரு பக்கத்திலும் வயது, பாலினம், கேட்டவர் எண் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் இது சீக்கிரம் அகப்படும். இன்னொன்று ‘தெரியாது’ பதில்களைத் தூக்கி எறிவது. ரக் சோதனையில் கருத்தில்லாதவர்களை நீக்கிவிட்டு எழுதினால் 62 என்பது 75 ஆகும், 46 என்பது 54 ஆகும். இடைவெளி 16-லிருந்து 21 ஆகிவிடும். அங்கே இரு பக்கமும் ‘தெரியாது’ ஏறக்குறைய சமம் (17, 15), அதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ஒரு சொல்மாற்றமே ‘தெரியாது’ என்பவர்களைக் கூட்டிவிட்டால், நீக்கிய பிறகு மிஞ்சும் இரண்டு கூட்டங்களும் ஒப்பிடத்தக்கவை அல்ல. ‘தெரியாது’வையும் ஒரு பதிலாக வைத்து எண்ணுவதே நேர்மை.

என் சாய்வு இதுதான். ஒரு பெயரை இன்னொரு பெயரால் மாற்றும் சோதனைக்குப் போதுமான ஆட்கள் கிடைத்தால் பிரித்தே கேட்பேன். ஆயிரத்துக்குள் ஆட்கள் என்றால் வரிசையைக் குலுக்கி இருவடிவமும் கேட்பேன், முதல் பதில்களின் இடைவெளியைத் தலைப்பிலும் மற்றதை உள்ளேயும் எழுதுவேன். ஜெனரல் சோஷியல் சர்வே பிரித்துக் கேட்பதையே தேர்ந்தெடுத்தது. அதன் தரவுக்கோப்பைத் திறந்தால் NATFARE என்ற நிரலில் ‘வெல்ஃபேர்’ பதில்களும் NATFAREY என்ற நிரலில் ‘ஏழைகளுக்கு உதவி’ பதில்களும் தனித்தனியே கிடைக்கும். ஒன்றில் பதில் இருக்கும் ஆளுக்கு மற்றதில் காலி.