‘வியர்வை பட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்று விற்ற வாட்ச் ஸ்ட்ராப்

ஒரே வாட்சுக்கு நாலு மாதத்தில் இரண்டு ஸ்ட்ராப் வாங்கினேன். இரண்டிலும் ஏமாந்தேன். இரண்டும் ஒரே கடை என்பதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வெயிலும் புழுக்கமும் உள்ள இடத்தில் தினமும் வாட்ச் கட்டுகிறவர்கள் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் வாங்கியது லெதர். “அசல் லெதர், உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். வியர்வை பட்டாலும் ஒன்றும் ஆகாது” என்றார் கடைக்காரர். தொட்டால் மெத்தென்று இருந்தது, லெதர் வாசனையும் வந்தது. இரண்டாவது வாரமே மாலையில் கழற்றினால் ஈரச் சாக்கு நாற்றம். ஆறாவது வாரம், நான் வழக்கமாக மாட்டும் ஓட்டையின் ஓரம் விரிந்து பிளந்தது. நகத்தால் லேசாகக் கிளறிப் பார்த்தேன். மேலே தாள் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் படலம், அடியில் இன்னொரு படலம், நடுவில் ஊறிய அட்டை மாதிரி பழுப்பாக ஏதோ ஒன்று. அது விரலில் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த அட்டைக்குப் பெயர் பாண்டட் லெதர். தோல் வெட்டும்போது விழும் துண்டு துணுக்குகளை அரைத்து, பசை சேர்த்து, தகடாக அழுத்தி, மேலே பாலியூரிதேன் பூசி, அதில் தோலின் ரேகைகளை அச்சுக் குத்திவிடுவார்கள். தோல் கலந்திருப்பதால் ‘லெதர்’ என்று விற்கிறார்கள். தோலுக்குப் பலம் தருவது அதில் பின்னிப் பிணைந்து கிடக்கும் நார்தான். அரைத்துவிட்டால் அந்த நார் ஏது?

‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல் இன்னும் மோசமான பொறி. படலம் மேலும் கீழும்தான் இருக்கிறது. பக்கிள் முள் நுழையும் ஓட்டைகளும் பக்கவாட்டு ஓரங்களும் திறந்தே இருக்கின்றன. வியர்வை அந்த வழியாக உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் அடைத்திருப்பதால் வெளியே வர வழியில்லை. உப்பும் ஈரமும் உள்ளேயே ஊறி, பசை விட்டு, நாற்றம் பிடித்துவிடும். என் தப்பும் கொஞ்சம் உண்டு. இறுக்கமாகக் கட்டிக்கொண்டு, கை கழுவும்போதும் கழற்றாமல், சில நாள் அப்படியே தூங்கியும் விட்டேன்.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். போன் கேமராவை ஜூம் செய்து ஓட்டையின் உள்சுவரைப் பாருங்கள். நல்ல தோல் என்றால் பஞ்சு மாதிரி நார் தெரியும். சாண்ட்விச் மாதிரி அடுக்குகள் தெரிந்து, நடு அடுக்கு நாரில்லாமல் தூளாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஓரம் முழுக்கத் தடிமனாகப் பெயிண்ட் பூசியிருந்தால் ஓட்டைதான் ஒரே ஜன்னல். சரி, நிஜத் தோலே வாங்கினால்? நாற்றம் தாமதமாக வரும், அவ்வளவுதான். நனைந்த தோல் உலர ஒரு முழு நாள் வேண்டும். தினமும் அதையே கட்டினால் எண்ணெய்ப் பசை போய் விறைத்து வெடிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், குளிரூட்டிய அறைக்குள் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் சரிப்படும்.

கழற்றும்போது இன்னொன்றும் தெரிந்தது. ஸ்ட்ராப்பை வாட்சோடு பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பாரில் ஒன்று துருப்பிடித்து, அழுத்தினால் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வாட்ச் கீழே விழுந்திருக்கும். ஸ்ட்ராப் மாற்றும்போது இரண்டு பாரையும் அழுத்திப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். “உங்கள் கைக்கு வியர்வை அதிகம் சார்” என்று பழியை என் கை மீதே போட்டார். அப்புறம் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஒரு கறுப்பு ரப்பர் ஸ்ட்ராப்பைக் கொடுத்தார். “இது சாதா சிலிக்கான் இல்லை, எஃப்கேஎம் ரப்பர்.” எஃப்கேஎம் என்பது ஃப்ளோரின் கலந்த செயற்கை ரப்பர். வியர்வை, எண்ணெய், வெயில் எதற்கும் அசையாது, தூசியும் அதிகம் ஒட்டாது. அதனால்தான் விலை கூடுதல்.

சட்டைப் பையிலிருந்து எடுத்தபோதே பஞ்சுத் துணுக்கு முழுக்க ஒட்டியிருந்தது. சந்தேகம் வந்து, சின்ன டிஜிட்டல் தராசில் சோதித்தேன். பக்கிளைக் கழற்றிவிட்டு நிறுத்தால் 17 கிராம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஸ்ட்ராப்பை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் முங்கும்படி பிடித்தேன். தராசு 15 காட்டியது. அதாவது அதன் கன அளவு 15 மில்லி. 17-ஐ 15-ஆல் வகுத்தால் 1.13, அதுதான் அடர்த்தி. சிலிக்கான் பெரும்பாலும் 1.1, 1.2 என்றுதான் வரும். எஃப்கேஎம் 1.8-ஐ ஒட்டி வரும். அப்படியென்றால் இதே ஸ்ட்ராப் 27 கிராம் இருந்திருக்க வேண்டும். நூலைப் பிடித்தபடியே சிரித்துவிட்டேன். ஸ்ட்ராப்பில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், தட்டிவிட்டுப் பாருங்கள்.

சிலிக்கான் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. தண்ணீரில் கழுவினால் போதும், மெத்தென்றும் இருக்கும். ஆனால் எனக்குக் கொடுத்ததன் அடிப்பக்கம் வழவழவென்று தட்டையாக இருந்தது. வியர்வை ஓட இடமில்லை. ஒரு வாரத்தில் மணிக்கட்டில் ஸ்ட்ராப் அகலத்துக்கு அச்சடித்த மாதிரி சிவந்து அரித்தது. ரப்பர் எதுவானாலும் அடியில் பள்ளமோ துளையோ இருப்பதாகப் பார்த்து வாங்கி, ஒரு ஓட்டை தளர்த்திக் கட்டவேண்டும்.

மறுபடி கடைக்குப் போனபோது அவர் பில்லை எடுக்கச் சொன்னார். அதில் ‘ஸ்ட்ராப் 20 எம்எம் – 1’ என்று மட்டும் இருந்தது. லெதரா, ரப்பரா, எந்த ரப்பர், ஒன்றும் இல்லை. நான் என்ன பேசமுடியும்? பொருளின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். எழுதத் தயங்கியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

ஸ்டீல் செயினையும் ஒரு மாதம் கட்டிப் பார்த்தேன், அண்ணனுடைய பழையது. வியர்வை அதை ஒன்றும் செய்யாது. பழைய டூத்பிரஷ், ஒரு சொட்டு சோப்பு போட்டுத் தேய்த்தால் இடுக்கிலிருந்து கறுப்பு அழுக்கு வெளியே வரும். தொல்லை என்னவென்றால், வெயிலில் கை கொஞ்சம் வீங்கும், காலையில் சரியாக இருந்தது மதியம் பிடிக்கும். பூட்டின் பக்கவாட்டில் அளவு மாற்றும் சிறு துளைகள் மூன்று நாலாவது இருந்தால்தான் சமாளிக்கலாம். மலிவான செயின்களில் முலாம் பூசிய வேறு உலோகமும் ஸ்டீல் என்ற பெயரில் வரும். முலாம் தேய்ந்ததும் நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிக்க ஆரம்பிக்கும்.

இப்போது கையில் இருப்பது துணி, பெர்லான் என்கிற நைலான் பின்னல். கூடை மாதிரி இடைவெளி இருப்பதால் காற்று போகும். தனியாக ஓட்டை கிடையாது, பக்கிள் முள்ளைப் பின்னலில் எங்கே வேண்டுமானாலும் குத்தலாம். மதியம் கை வீங்கினால் அரை சென்டிமீட்டர் தள்ளிக் குத்திக்கொள்கிறேன். வாட்சின் அடியிலும் போகும் நேட்டோ வகை நைலானில், ஒரு ஸ்பிரிங் பார் போனாலும் வாட்ச் விழாது. ஆனால் அடியில் துணி சேர்வதால் புழுக்கம் கொஞ்சம் கூடும். கான்வாஸ் பருத்தி வேண்டாம், சட்டைக் காலர் மாதிரி ஈரம் பிடித்துக்கொள்ளும். பெர்லானை இரண்டு நாளுக்கு ஒருமுறை இரவில் சோப்பு போட்டு அலசி, கொடியில் கிளிப் மாட்டிவிடுகிறேன், காலையில் காய்ந்திருக்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு இழை பிரிய ஆரம்பித்திருக்கிறது. அதற்கு எப்படியும் ஒரு நாள் வேறு வாங்கத்தான் வேண்டும், அந்தக் கடையில் இல்லை.