பிளேஸ்டேஷன் 2க்கு மூன்று வயரா, ஐந்து வயரா?

திருமலைக் கடைகளில் கேட்டால் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரைத்தான் சட்டென்று எடுத்துத் தருவார்கள். அதில் வெளிச்சமும் நிறமும் மஞ்சள் வயர் ஒன்றிலேயே கலந்து போவதால், பெரிய டிவியில் எழுத்தோரங்கள் மங்கி நிறம் கசியும். ஐந்து வயரில் பச்சை வெளிச்சத்தையும், நீலமும் சிவப்பும் நிறத்தையும் தனித்தனியே கொண்டுபோகும். வெள்ளையும் மற்றச் சிவப்பும் சத்தத்துக்கு.

படம் கறுப்பு-வெள்ளையாக வந்தால் பச்சை வயர் மஞ்சள் இன்புட்டில் இருக்கிறது என்று அர்த்தம். நிறமே தாறுமாறாக இருந்தால், முதலில் இரண்டு சிவப்பும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் கன்சோல் செட்டிங்கில் Component Video Out என்பது RGB-யில் இருந்தால் Y Cb/Pb Cr/Pr-க்கு மாற்றுங்கள்.

என் தெரிவு ஐந்து வயர்தான். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் போட்டால் மட்டும் மஞ்சள், ஏனென்றால் அந்த 240p என்ற குறைந்த தெளிவுள்ள படத்தைச் சில புது டிவிகள் ஐந்து வயரில் ஏற்பதே இல்லை.