முதல் மாத நன்றி மடல்: படிவமா, கடிதமா?

செக்கு எண்ணெய்க் கடையை இணையத்தில் திறந்து ஒரு மாதம் ஆனபோது 46 பேர் வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி, குறைகளையும் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். என் தங்கை ஒரு வரைவு எழுதினாள், நான் ஒன்று எழுதினேன். எது நல்லது என்ற வாக்குவாதம் இரண்டு நாளாகியும் ஓயாததால், ஆளுக்கு 23 பேரைப் பிரித்துக்கொண்டோம்.

அவளுடையது பார்க்க அழகு. மேலே கடையின் சின்னம், நடுவில் செக்கின் படம், கீழே இப்படி: “உங்கள் ஆதரவுக்கு மனமார்ந்த நன்றி! எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? படிவத்தை நிரப்புவோருக்கு அடுத்த ஆர்டரில் 10% தள்ளுபடி.”

என்னுடையதில் படமே இல்லை. “வணக்கம். சென்ற மாதம் எங்களிடம் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கினீர்கள். கடை திறந்த முதல் மாதத்திலேயே எங்களை நம்பியதற்கு நன்றி. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பெட்டியைத் திறந்தபோது புட்டி எப்படி இருந்தது? உள்ளது உள்ளபடி இரண்டு வரி எழுதினால் போதும். இந்த மடலுக்கே பதில் போடலாம், நான்தான் படிப்பேன்.” கீழே என் பெயர். வாங்கியவரின் பெயரையும் பொருளையும் மாற்றி மாற்றி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. எல்லா முகவரிகளையும் பெறுநர் பகுதியில் மொத்தமாகப் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் வாங்கியவர்களின் முகவரிகளெல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்துபோயிருக்கும்.

எண்ணிக்கையில் தங்கைதான் வென்றாள். அவளுக்கு ஒன்பது பதில்கள், எனக்கு ஆறு. கைபேசியில் ஒரு தொடுதலில் முடிகிற வேலைக்கு ஆள் கூடுதலாக வருவது இயல்பு. ஆனால் அந்த ஒன்பதில் எட்டு ஐந்து நட்சத்திரம், ஒன்று நான்கு. கருத்துக் கட்டத்தில் “சூப்பர்”, “நல்ல தரம்” என்பதைத் தாண்டி ஒரு சொல் இல்லை. அந்த நான்கு நட்சத்திரக்காரருக்கு என்ன குறை என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

எனக்கு வந்த ஆறில் மூன்று ஒரே விஷயத்தைச் சொன்னன. மூடியைச் சுற்றி எண்ணெய் கசிந்து அட்டைப்பெட்டி நனைந்திருந்தது. ஒருவர், “எண்ணெய் நன்றாக இருந்தது, அதனால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்” என்று எழுதியிருந்தார். நான் கேட்காமல் இருந்திருந்தால் அவர் சொல்லியிருக்கவே மாட்டார். முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசுகிறவர்கள் நாம். ‘பிடித்திருந்ததா’ என்றால் ‘ஆமாம்’ என்றுதான் வரும், ‘புட்டி எப்படி இருந்தது’ என்றால் நடந்தது வரும்.

தள்ளுபடியும் சேர்ந்து கெடுத்தது என்பது என் எண்ணம். பரிசை முன்னால் நீட்டிவிட்டுக் குறையைச் சொல் என்றால் யார் சொல்வார்? தங்கை இதை ஏற்கவில்லை. தள்ளுபடி இல்லாவிட்டால் ஒன்பதும் வந்திருக்காது என்கிறாள். அது உண்மையாகவும் இருக்கலாம். தள்ளுபடி தருவதாக இருந்தால் பதில் போட்டவர், போடாதவர் எல்லோருக்கும், சில நாள் கழித்துத் தனி மடலில் தரலாம் என்று ஒருவழியாக உடன்பட்டோம்.

அவளுடைய மடலில் எனக்குத் துளியும் பிடிக்காத ஒன்று அனுப்புநர் முகவரி. ‘noreply’ என்று தொடங்கும் முகவரியிலிருந்து போயிருந்தது. கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்கிற மடலே ‘பதில் போடாதே’ என்கிறது! படங்களும் தள்ளுபடியும் நிறைந்த மடலை ஜிமெயில் விளம்பரங்களுக்கான பகுதியில் ஒதுக்கிவிடவும் வாய்ப்பு அதிகம். அவளுடைய மடலைச் சிலர் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

என் பக்கத்திலும் ஓட்டை உண்டு. தமிழில் தட்டச்சு செய்யப் பழகாதவர்களை நான் நினைக்கவில்லை. இரண்டு பேர் பார்சலில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பேசினார்கள். ஆறு பதில்களில் அந்த இரண்டும் அடக்கம், விவரமும் அவற்றில்தான் அதிகம். அடுத்த மடலில் அந்த எண்ணையும் போடுவேன். 46 பேருக்குச் சரிப்படுகிற இந்த முறை 500 பேருக்கு நடக்காது என்பதும் தெரியும். அப்போது படிவம்தான். ஆனால் அதிலும் நட்சத்திரத்துக்குப் பதில் அந்த ஒரே கேள்வி இருக்கும்.

கசிவுக்கு வருகிறேன். புட்டியைக் கழுத்துவரை நிரப்பியிருந்தோம். ஒரு லிட்டர் எண்ணெய் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லி விரியும். வெயிலில் நிற்கும் கூரியர் வண்டியில் அது மூடி வழியாகத்தான் வெளியேற வேண்டும். இப்போது மேலே சற்று இடம் விட்டு நிரப்புகிறோம், மூடிக்கு அடியில் சூட்டில் ஒட்டும் அலுமினியத் தாளும் வைக்கிறோம். கசிந்ததாகச் சொன்ன மூவருக்கும் இதை எழுதி, புதுப் புட்டி ஒன்றும் அனுப்பினேன். படிவத்தில் வந்த ஒன்பது பேருக்கும் தங்கை இப்போது தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறாள், பெட்டி நனைந்திருந்ததா என்று கேட்டு.