பிரேக்கர் ஏற மறுக்கிறது: வயரிங்கில் ஷார்ட்டா, பிரேக்கரே தேய்ந்துவிட்டதா?

எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிய பிறகும் ஒரு பிரேக்கர் மேலே நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தால், சந்தேகம் இரண்டே இடங்களில் விழுகிறது. சுவருக்குள் ஓடும் வயரில் எங்கோ ஷார்ட் இருக்க வேண்டும், அல்லது பிரேக்கரின் உள்ளமைப்பு தேய்ந்திருக்க வேண்டும். பலரும் மலிவான வழி என்று முதலில் பிரேக்கரை மாற்றிப் பார்க்கிறார்கள். ஷார்ட் இருக்கும் வயரில் புதிய பிரேக்கரைப் பொருத்தி ஏற்றுவது, அந்தப் பழுதின் வழியே இன்னொரு முறை பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சுவதுதான் என்பதால், அது சோதனையாகவே மோசமானது. இரண்டையும் பிரித்தறியச் சரியான வரிசை வேறு.

அதற்கு முன் இரண்டு சிறிய விஷயங்கள். சில வகைப் பிரேக்கர்களில் விழுந்த பிடி நடுவில் நிற்கும். அதைக் கீழே முழுதாக அழுத்திய பிறகே மேலே ஏற்ற முடியும். மேலும், ‘எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன்’ என்பது பெரும்பாலும் முழு உண்மையல்ல. கூரை விளக்கும் மின்விசிறியும் நேரடியாக இணைத்த வாட்டர் ஹீட்டரும் வாசல் மணியின் டிரான்ஸ்ஃபார்மரும் பிளக்கே இல்லாதவை. ஆகவே சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஒருமுறை முயல வேண்டும். அப்போது பிரேக்கர் நின்றால், பழுது ஏதோ ஒரு சுவிட்சுக்கு அப்பால் இருக்கிறது என்று பொருள். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் அது எதற்கு அப்பால் என்பதும் தெரிந்துவிடும்.

நின்றபாடில்லை என்றால், முதல் சாட்சி காது. ஷார்ட் இருந்தால் பிடி மேலே போன கணமே ‘படார்’ என்று அடித்து விழும். அதே நொடியில் மற்ற அறைகளின் விளக்குகள் சற்று மங்கக்கூடும். தேய்ந்த பிரேக்கரின் பிடியோ மேலே போகும்போது பிடிமானமே இல்லாமல் தளர்ந்திருக்கும். விரலை எடுத்ததும் ஓசையின்றிச் சரியும். இந்த அடையாளம் பயன் தரும், ஆனால் தீர்ப்பாகாது. விழும் பிடியை விரலால் மேலேயே அழுத்திப் பிடிப்பதிலும் பயனில்லை. பிடி மேலே இருந்தாலும் உள்ளே தொடுமுனைகள் பிரிந்துவிடும்படிதான் பிரேக்கர் அமைக்கப்பட்டிருக்கிறது.

தீர்ப்புக்கு அருகில் கொண்டுபோவது, மின்சாரமே இல்லாமல் செய்யும் சோதனை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தப் பிரேக்கரை ஏற்றிப் பாருங்கள். சாதாரண பிரேக்கரின் பிடி ஒரு கொக்கியால் பூட்டிக்கொள்வது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. மின்சாரமற்ற நிலையிலும் அது பூட்டிக்கொள்ளாவிட்டால், ஷார்ட்டைக் குற்றம் சொல்ல வழியே இல்லை, கொக்கி தேய்ந்துவிட்டது. சற்று முன் அதிகச் சுமையால் விழுந்த பிரேக்கராக இருந்தால், உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு ஆறுவதற்குச் சில நிமிடங்கள் கொடுத்த பிறகு இதைச் செய்ய வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் தானே விழும் துணைக்கருவி பொருத்திய பிரேக்கர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மின்சாரமின்றி நன்றாகப் பூட்டிக்கொண்டு, மின்சாரம் வந்ததும் விழுந்தால், இரண்டு சந்தேகங்களும் உயிரோடிருக்கின்றன. அடுத்த படி, பிரேக்கரிலிருந்து அறைக்குப் போகும் ஃபேஸ் வயரைக் கழற்றி, முனையைக் காப்பிட்டு, வெறும் பிரேக்கரை மட்டும் ஏற்றுவது. இங்கே எச்சரிக்கை அவசியம்: மெயின் சுவிட்ச் அணைந்திருந்தாலும் அதற்குள் வரும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும், ஆகவே பலகையைத் திறக்கும் வேலையைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுவதே முறை. வயர் இல்லாத பிரேக்கர் வழியே மின்னோட்டம் பாய முடியாது. பாயாத மின்னோட்டத்துக்கு அது விழவும் கூடாது. விழுந்தால் பழுது பிரேக்கருடையது, நின்றால் சந்தேகம் சுவருக்குள் போகிறது. கசிவையும் சேர்த்துக் கண்காணிக்கும் வகையாக இருந்தால் நியூட்ரல் வயரையும் கழற்றியாக வேண்டும்.

வயர் மேல் விழுந்த சந்தேகத்தை மல்டிமீட்டர் அளந்து சொல்லும். மெயினை மறுபடி அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கழற்றிய ஃபேஸ் வயருக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். எவ்வளவு காட்டினால் ஷார்ட் என்பதைக் கணக்கே சொல்கிறது. 16 ஆம்பியர் ‘சி’ வகைப் பிரேக்கர் கண நேரத்தில் விழ, அதன் மதிப்பைப்போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் பாய வேண்டும். 230 வோல்ட்டில் 80 ஆம்பியர் பாய வேண்டுமானால் பாதை முழுவதின் தடையும் 3 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். 2000 வாட் ஹீட்டர் ஒன்று இணைப்பில் விடுபட்டிருந்தால் மீட்டர் 26 ஓம் அளவில் காட்டும்; அதில் பாயும் 9 ஆம்பியருக்குக் குறைவான மின்னோட்டத்துக்காக எந்த நல்ல பிரேக்கரும் படாரென்று விழாது. எனவே 3 ஓமுக்குக் குறைந்த அளவு வயரைக் காட்டிக்கொடுக்கிறது. அளவே காட்டாமல் திறந்த சுற்றாக இருந்தால் வயர் பெரும்பாலும் நிரபராதி.

‘பெரும்பாலும்’ என்பதற்குக் காரணம் உண்டு. மல்டிமீட்டர் சில வோல்ட்டுகளில்தான் அளக்கிறது. 230 வோல்ட் ஏறியபோது மட்டும் உடையும் காப்புறை, மீட்டரிடம் நல்ல பிள்ளையாகவே நடிக்கும். அதற்கு 500 வோல்ட் கொடுத்து அளக்கும் மெக்கர் தேவை. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் காப்பு போய்விட்டது என்றே கொள்ளலாம். அளப்பதற்கு முன் மின்னணு விளக்குகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லையெனில் அவை பழுதாகிவிடலாம்.

நண்பர் ஒருவரின் வீட்டில் கண்டது இந்த வரிசைக்கு நல்ல உதாரணம். பிரேக்கர் மின்சாரமின்றிப் பூட்டிக்கொண்டது. வயரைக் கழற்றியதும் மின்சாரத்திலும் நின்றது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டவில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 0.6 ஓம் காட்டியது. எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் எங்கே இருக்கிறது என்று தேடினால் போதும் என்றாகிவிட்டது. பாதி வழியிலிருந்த ஜங்ஷன் பாக்ஸில் வயரைப் பிரித்து இரு பக்கமும் அளந்ததில் பழுது தூரத்துப் பாதியில் இருப்பது தெரிந்தது. அந்தப் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் மாற்றிய ஒரு சுவிட்ச் பலகை இருந்தது. அதன் தட்டைப் பிடித்த நீளமான திருகு ஒன்று, உள்ளே மடிந்து கிடந்த சிவப்பு வயரின் உறையில் மெல்லிய பள்ளம் இட்டு, நாளடைவில் செம்பைத் தொட்டிருந்தது. எர்த் செய்த உலோகப் பெட்டியில்தான் அந்தத் திருகு ஏறியிருந்தது. திருகை மாற்றி, அடிபட்ட வயர்த் துண்டை வெட்டிவிட்டு அளந்தபோது அளவு திறந்த சுற்றுக்குத் திரும்பியது.

இருந்தும் பிரேக்கர் நிற்கவில்லை. நண்பர் அந்தப் பழுதின் மேலேயே அதைப் பதினைந்து தடவைக்கு மேல் ஏற்றியிருந்தார். எங்கள் வேலைக்கு நடுவிலும் பலமுறை ஏற்றி இறக்கியாயிற்று. மெயினை அணைத்து மறுபடி முயன்றபோது, காலையில் பூட்டிக்கொண்ட அதே பிடி இப்போது தளர்ந்து சரிந்தது. அதே 16 ஆம்பியர், அதே ‘சி’ வகையில் புதியதைப் பொருத்தினோம். பெரிய மதிப்பில் ஒன்றைப் போட்டால் வயர் சூடேறுவதைப் பிரேக்கர் கவனிக்காமல் போகும் என்பதால் அதற்கு ஒப்பவில்லை.