“12 வருஷம் தாண்டிடுச்சு, இடம் நம்மளுதுதான்” என்று சொல்லி மனை விற்கிறார்கள்: காட்பாடிப் பக்கம் வாங்குவோர் கவனத்துக்கு

காட்பாடியிலிருந்து திருவலம் போகும் சாலைப் பக்கம் பத்திரமே இல்லாத மனைகளை “அனுபவ பாத்தியம்” என்று சொல்லி விற்கும் ஆட்கள் சுற்றுகிறார்கள். அப்படி ஒரு மனைக்கு நான் கொடுத்த 4 லட்சம் முன்பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை. அவர்கள் சொல்லும் சட்டத்தில் பாதி உண்மை இருப்பதால் கேட்கிறவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் காட்டிய கட்டு கனமானது. 2001-லிருந்து வீட்டு வரி ரசீது, 2003-ல் வாங்கிய மின் இணைப்பின் காகிதங்கள், அந்த முகவரியில் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை. பட்டா மட்டும் வேறொருவர் பெயரில். அதைக் கேட்டதும் புரோக்கர் சொன்னது: “சார், அவுரு மிலிட்டரிக்குப் போனவரு, இந்தப் பக்கமே வந்ததில்ல. இவங்க இங்க இருபது வருசத்துக்கு மேல குடியிருக்காங்க. பன்னண்டு வருசம் ஆய்டுச்சுன்னா நம்பளுதுதான். 2019-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.” 18 லட்சத்துக்குப் பேசி, முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். புரோக்கருக்குத் தனியாக 40 ஆயிரம்.

அவர் சொன்னதில் எது சரி? 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 65-வது விதிப்படி, தன் சொத்தில் இன்னொருவர் எதிரிடையாக இருந்தால் உரிமையாளர் 12 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு மீட்க வேண்டும். விட்டுவிட்டால், அதே சட்டத்தின் 27-வது பிரிவுப்படி அவருடைய உரிமையே அற்றுப்போகும். முன்பெல்லாம், உரிமையாளர் வழக்குப் போட்டால் தற்காப்பாக மட்டும்தான் இதைச் சொல்லலாம் என்றும் தீர்ப்புகள் இருந்தன. 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இடத்தில் இருப்பவரே வாதியாக வழக்குப் போட்டும் கேட்கலாம் என்று தீர்த்தது. இதுவரை புரோக்கர் சொன்னது பொய்யில்லை.

அவர் சொல்லாமல் விட்டது, அந்த 12 ஆண்டு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதை. குடிவந்த நாளிலிருந்து அல்ல. “இது உன் இடமில்லை, என் இடம்” என்று உரிமையாளருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி இருக்கத் தொடங்கிய நாளிலிருந்துதான். அவர் அனுமதித்து உள்ளே வந்தவருக்கு அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. வாடகைக்கு வந்தவர், குத்தகைதாரர், காவலுக்கு வைத்தவர், உறவுக்காரர் என்று இரக்கப்பட்டுத் தங்க விடப்பட்டவர் என எல்லோரும் இதில் அடக்கம். நாற்பது வருடம் இருந்தாலும் இவர்கள் அனுமதியில் இருப்பவர்கள்தான். வாடகை கொடுப்பதை நிறுத்திவிட்டதால் மட்டும் அது எதிரிடையாக மாறிவிடாது.

முன்பணம் கொடுத்தபின் மீதித் தொகைக்காக நெருக்கத் தொடங்கியபோது, அந்தக் காகிதக் கட்டை வேலூரில் ஒரு வக்கீலிடம் கொடுத்தேன். அவர் வரி ரசீதுகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மின் இணைப்பு விண்ணப்பத்தின் ஜெராக்ஸை எடுத்து, பின்னால் பின் அடித்திருந்த அரைப் பக்கக் காகிதத்தைக் காட்டினார். பட்டாதாரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதக் கடிதம் அது. “எனக்குச் சொந்தமான மேற்படி மனையில் என் அனுமதியின்பேரில் குடியிருந்து வரும் இவருக்கு மின் இணைப்பு வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.” சொந்தக்காரராக இல்லாதவர் இணைப்பு கேட்டால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வைப்பது வழக்கம். இருபது வருட அனுபவத்துக்கு அத்தாட்சி என்று அவர்கள் நீட்டிய காகிதமே, அந்த அனுபவம் அனுமதியில் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பட்டாதாரரின் மகள் அரக்கோணத்தில் இருக்கிறார். தேடிப் போய்ப் பார்த்தேன். “அப்பாதாங்க மனையப் பாத்துக்கச் சொல்லி அவங்கள உக்கார வச்சாரு. வேலி போட அப்பா பணம் அனுப்பின மணியார்டர் ரசீது இன்னும் எங்கிட்ட இருக்கு” என்றார். 1991-ல் வாங்கிய கிரயப் பத்திரமும் அவரிடம் இருக்கிறது. அப்பா 2015-ல் காலமாகிவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அனுமதி கொடுத்தவரே போனபின் அந்த அனுமதியும் போய்விடாதா, அதன்பின் இருப்பது எதிரிடைதானே என்று வக்கீலைக் கேட்டேன். அனுமதி முடிந்தபின்னும் சும்மா தங்கியிருப்பது போதாது, வாரிசுகளிடம் “இனி இது எங்களுடையது” என்று மறுத்துச் சொன்னதையோ, அவர்கள் அறியும்படி அப்படி நடந்துகொண்டதையோ காட்ட வேண்டும் என்றார். அப்படி எதுவும் நடக்கவில்லை. வாதத்துக்காக 2015-லிருந்தே எண்ணினாலும், ஒப்பந்தம் போட்ட 2024-ல் 12 ஆண்டு நிறைந்திருக்காது.

நீதிமன்றத்தில் இதைக் கேட்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டியவை உண்டு: எந்தத் தேதியில் சுவாதீனத்துக்கு வந்தார், அது எப்படிப்பட்ட சுவாதீனம், உரிமையாளருக்கு அது தெரியுமா, எவ்வளவு காலம் இடைவிடாமல், ஒளிவுமறைவின்றி நீடித்தது. நிரூபிக்கும் பாரம் முழுக்க அவர்மேல்தான், உரிமையாளர்மேல் அல்ல. உரிமையாளர் யார் என்பதை ஏற்றுக்கொண்டு, அவருக்கு எதிராக இருந்தேன் என்று சொல்வதுதான் இந்த வாதம். அதனால் “அவரிடமிருந்து வாய்மொழியாக வாங்கினேன், அது இல்லையென்றால் அனுபவத்தால் எனக்குச் சொந்தம்” என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றை ஒன்று வெட்டிவிடும். என்னிடம் விற்க வந்தவர் ஒப்பந்தத்தில் இரண்டையுமே எழுதி வைத்திருந்தார். வரி ரசீதும் ரேஷன் கார்டும் அங்கே இருந்தார் என்பதைத்தான் காட்டும். எதிரிடையாக இருந்தார் என்பதைக் காட்டாது.

இன்னொரு ரகமும் விற்பனைக்கு வருகிறது: புறம்போக்கும் கோயில் நிலமும். அரசு நிலமென்றால் கெடு 12 இல்லை, 30 ஆண்டு. கோயில் நிலத்தில் இந்தப் பேச்சே எடுபடாது, அறநிலையத்துறைச் சட்டம் வழியை அடைத்துவிட்டது.

அனுபவத்தை வைத்து யாராவது மனை விற்க வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: பத்திரத்தில் பெயருள்ள உரிமையாளரையோ வாரிசுகளையோ எதிர்த்தரப்பாகச் சேர்த்து, இடம் இவருடையது என்று கோர்ட்டில் வாங்கிய டிக்ரி இருக்கிறதா? இல்லையென்றால் அவர் விற்பது மனை அல்ல, இனிமேல் போட வேண்டிய ஒரு வழக்கு. சர்வே எண் கையில் இருந்தால் பட்டா யார் பெயரில் என்று eservices.tn.gov.in தளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்று போட்டால் கடைசியாகப் பதிவான கிரயம் தெரியும். அந்தப் பெயருக்குரியவரை நேரில் பார்த்து, இவரை யார் அங்கே உட்கார வைத்தது என்று கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வெளியூரில் இருந்துகொண்டு இங்கே மனையை யார் பொறுப்பிலோ விட்டிருப்பவர்களுக்கும் ஒன்று. அனுமதியைக் காகிதத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி வையுங்கள். அவர் உங்களை மறுக்க ஆரம்பித்துவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதோடு நிற்காதீர்கள். நோட்டீஸால் 12 ஆண்டுக் கணக்கு நிற்காது, வழக்குப் போட வேண்டும். அரக்கோணத்து அம்மா இப்போது காலி செய்யக் கேட்டு வழக்குப் போட ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். அந்தச் சம்மதக் கடிதத்தின் நகலை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

நான் போலீசில் ஏமாற்றுப் புகார் கொடுத்திருக்கிறேன். முன்பணத்தைத் திரும்பக் கேட்டு உரிமையியல் வழக்கும் தாக்கல் செய்தாகிவிட்டது. புகார் நிலுவையில் இருக்கிறதே என்று பணத்துக்கான வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கான கெடு 3 ஆண்டுதான், புகார் நடக்கிறது என்பதற்காக அது காத்திருக்காது.