பொதுவெளியில் கட்டுவதா, பன்னிரண்டு பேரோடு கட்டுவதா?

பெங்களூருவின் ஸ்டார்ட்அப் வட்டாரத்தில் ‘பில்ட் இன் பப்ளிக்’ என்று சொல்வது, பொருள் சந்தைக்கு வருவதற்கு முன்பே அதன் வளர்ச்சியை வாரந்தோறும் எக்ஸ் தளத்திலும் லிங்க்டுஇன்னிலும் எழுதி, அதன் வழியே முதல் பயனர்களையும் அவர்களுடைய கருத்துகளையும் திரட்டும் முறையை. இதற்கு நேர்ப் போட்டியாக இருப்பது, விரல்விட்டு எண்ணக்கூடிய வாடிக்கையாளர்களை மட்டும் அழைத்து, ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் பொருளை வளர்க்கும் முறை. கோவைக்கார நண்பர் ஒருவரும் நானும் பி.ஜி. விடுதி உரிமையாளர்களுக்கான வாடகைக் கணக்குச் செயலியைத் தொடங்கியபோது, முதல் மூன்று மாதங்கள் முன்னதையும் அடுத்த மூன்று மாதங்கள் பின்னதையும் கையாண்டோம். ஆகவே இந்த ஒப்பீடு ஒரே பொருளை வைத்துச் செய்தது.

பொதுவெளியில் எழுதியதால் ஆள் சேரவில்லை என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு வாரங்களில் காத்திருப்போர் பட்டியலில் நானூறுக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகள் சேர்ந்தன. ஆனால் பதிவுப் படிவத்தில் ‘உங்கள் விடுதியில் எத்தனை படுக்கைகள்?’ என்ற ஒற்றைக் கேள்வியைத் தாமதமாகச் சேர்த்துப் பழைய பெயர்களுக்கும் அனுப்பியபோது, அதற்கு எண்ணில் விடை எழுதியவர்கள் ஒன்பது பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலவே வேறொரு செயலியைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் கேட்டது கருநிற முகப்பும், வேறு மென்பொருள்களோடு இணைக்கும் வசதியும். கேட்டது நல்ல மனத்தோடுதான்; ஆனால் அவர்களில் எவருக்கும் வாடகை வசூலிக்கும் வேலை கிடையாது.

இந்த முறையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டப்படும் பழைய கதைகளைத் திரும்பப் பார்த்தால் இதன் காரணம் தெரியும். 2010-இல் ஜோயல் காஸ்கோய்ன் பஃபர் சேவையைக் கட்டுவதற்கு முன், அதை விவரிக்கும் ஒரு பக்கத்தை மட்டும் வைத்து ட்விட்டரில் இணைப்பைப் பகிர்ந்தார். மின்னஞ்சல்கள் வந்தபின் நடுவில் ஒரு விலைப் பக்கத்தைச் செருகி, பணம் கட்டும் திட்டத்தை எவரேனும் தேர்ந்தெடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நிரல் எழுத உட்கார்ந்தார். அந்தச் சேவையின் வேலையே ட்வீட்டுகளை நேரம் குறித்து வெளியிடுவது. அவர் பேசிய இடத்திலேயே அவருடைய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். 2014-இல் பீட்டர் லெவல்ஸ், இடம் மாறி மாறி வேலை செய்வோருக்கான நகரப் பட்டியலை எல்லோரும் திருத்தக்கூடிய விரிதாளாக ட்விட்டரில் விட்டபோது, அதை நிரப்பியவர்களும், அதிலிருந்து உருவான நோமாட் லிஸ்ட் தளத்தைப் பின்னர் பயன்படுத்தியவர்களும் ஒரே கூட்டம். கேட்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவராக இருக்கும் இடத்தில் இந்த முறைக்கு ஈடில்லை. நிரலாளர்களுக்கான கருவியையோ வடிவமைப்பாளர்களுக்கான கருவியையோ கட்டுகிறவர்கள் தயங்காமல் இதையே எடுக்கலாம். ஆனால் பெங்களூருவின் மடிவாளாவில் பி.ஜி. நடத்துகிறவர் எக்ஸ் தளத்தில் இல்லை.

இதைவிட நுட்பமான இன்னொரு இழப்பு எங்களுக்குப் பிந்தித்தான் உறைத்தது. வாரம் ஒருமுறை எழுத வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை காட்ட ஏதாவது இருக்க வேண்டும். காட்டத் தக்கது ஸ்க்ரீன்ஷாட்டில் அழகாக விழுவது மட்டுமே. வாடகையோ மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதிக்கும் ஐந்தாம் தேதிக்கும் இடையில் வருவது. எங்கள் செயலி சரியா தவறா என்பது அந்த ஐந்து நாட்களில்தான் தெரியும். மாதத்தின் மீதி நாட்களில் நாங்கள் வரைபடங்களின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தோம். மாத நடுவில் வெளியேறுகிறவரின் முன்பணத்தில் பராமரிப்புத் தொகையைக் கழிக்கும் கணக்கில் பிழை இருந்தது, இரண்டு மாதங்களாக அப்படியே கிடந்தது.

மூடிய வட்டத்துக்கு மாறியபோது, தெரிந்தவர்கள் வழியாக மடிவாளாவிலும் பி.டி.எம். லேஅவுட்டிலும் பன்னிரண்டு உரிமையாளர்களைப் பிடித்தோம். அவர்களில் ஓசூரிலிருந்து வந்து இருபதாண்டுகளாக விடுதி நடத்தும் ஒரு அக்காவின் சமையலறை மேசையில், ஒரு மாதத்தின் ஐந்தாம் தேதி மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். முன்னால் நீள நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு வரியிலும் அறை எண், படுக்கை எழுத்து, தொகை. கைபேசியில் வாடகை கட்டியதற்கான ஸ்க்ரீன்ஷாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. பணம் அனுப்பியவரின் பெயரை வைத்து யார் கட்டினார் என்று தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நாங்கள் பெருமையோடு கட்டி, பொதுவெளியில் கைதட்டலும் வாங்கியிருந்தோம். அக்கா அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தப் பொண்ணுக்கு அவங்க அப்பா அனுப்புவார், இவளுக்கு ரூம்மேட் சேர்த்து அனுப்புவா, பேரை வச்சு என்ன கண்டுபிடிப்பீங்க?” என்றார். அவருக்கு வேண்டியது கட்டாதவர்களின் பட்டியல், படுக்கை வாரியாக, இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் கீழே இறங்கி வருவதற்கு முன். நானூறு பேரில் எவரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் இந்த வழியின் குறைகள் சிறியவை அல்ல. தெரிந்தவர் சொல்லி வந்த பையன்கள் நாங்கள் என்பதால் உரிமையாளர்கள் எல்லோரும் “நல்லா இருக்கு” என்றே சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லை. ‘இந்தச் செயலி நாளை முதல் இல்லை என்றால் எவ்வளவு ஏமாற்றமடைவீர்கள்?’ என்று கேட்டு, ‘மிகவும்’ என்போர் நாற்பது விழுக்காட்டைத் தாண்டுகிறார்களா என்று பார்க்கும் ஷான் எல்லிஸின் அளவுகோல் புகழ்பெற்றது. பன்னிரண்டு பேரிடம் அதைப் போட்டால் ஒருவரின் மனநிலை மாறினாலே எட்டு விழுக்காடு நகர்ந்துவிடும். அதனால் நாங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தோம். மூன்றாம் மாதத்திலும் செயலியோடு நோட்டிலும் எழுதுகிறவர் நம்மை நம்பவில்லை. எழுதுவதை நிறுத்தியவர் நம்பிவிட்டார். நிறுத்தியவர்கள் ஐந்து பேர், பிற்பாடு பணம் கட்டியவர்களும் அவர்களே. இன்னொரு குறை, பன்னிரண்டு பேரும் ஒரே பகுதியில் ஒரே மாதிரி விடுதி நடத்தியது. ஒயிட்ஃபீல்டில் மேலாளரை வைத்து நான்கு கட்டடங்கள் நடத்துகிறவரிடம் போனபோது, யார் எதைத் திருத்தினார்கள் என்ற பதிவே எங்கள் செயலியில் இல்லை.

போட்டியாளர் திருடிவிடுவார் என்ற அச்சத்துக்கு நான் அதிக இடம் தரமாட்டேன். எங்கள் கருநிற முகப்பை யாரும் திருடவில்லை. விதிவிலக்கு, காப்புரிமைக்குரிய கருவியைச் செய்கிறவர்கள். விண்ணப்பிக்கும் முன் தாங்களே வெளியிட்டுவிட்டால் இந்தியச் சட்டத்தில் பெரும்பாலும் புதுமை போய்விடும். வெளியிட்ட பின்னும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்று அமெரிக்காவில் உள்ளது போன்ற பொதுவான சலுகை இங்கே இல்லை.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: ஒரே ஒரு முறை காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வது. 2008-இல் கோப்புகளைச் சேமிக்கும் சேவையான டிராப்பாக்ஸ், செயல்விளக்கக் காணொளி ஒன்றைச் செய்தி இணைப்புகளைப் பகிரும் டிக் தளத்தின் வாசகர்களுக்கென்றே எடுத்து வெளியிட்டு, ஐயாயிரமாக இருந்த பட்டியலை ஓரிரவில் எழுபத்தைந்தாயிரமாக்கியது. அதுவும் வாடிக்கையாளர் கூடும் இடம் தெரிந்தவர்களுக்குத்தான். மேலும், ஆறு மாதம் கழித்து அழைத்தால் பட்டியலில் உள்ளவர்களுக்கு நாம் யார் என்பதே மறந்திருக்கும்.

இப்போது நாங்கள் பொருளை மூடிய வட்டத்தில் கட்டுகிறோம். ஒரு வாடகைச் சுற்று முடிந்து, மாற்றம் தாக்குப்பிடித்த பிறகே அதைப் பற்றிப் பொதுவில் எழுதுகிறோம். வரப்போவதை எழுதுவதில்லை, ஏனெனில் எழுதிய மறுநாளே அது வாக்குறுதியாகிவிடுகிறது. எக்ஸ் தளத்தில் இடும் இணைப்பில் `?ref=x` என்றும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் `?ref=wa` என்றும் சேர்த்து, இரு வழியாகவும் வருகிறவர்களைத் தனித்தனியே எண்ணுகிறோம். இதுவரை `x` வழியே வந்தவர்களில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டவர் ஒரு நிரலாளர்; அவர் வாடிக்கையாளராக வரவில்லை, வேலைக்குச் சேர்ந்தார்.