“ஃபைல் பண்ணியாச்சு அண்ணாச்சி” என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி கிரெடிட் எடுக்காதீர்கள்

தக்கலை பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு நேர்ந்தது இது. நாகர்கோவிலில் ஒரு மொத்த வியாபாரியிடம் 2025 ஏப்ரலில் பைப்பும் ஃபிட்டிங்ஸும் எடுத்தார்கள். சரக்கு மதிப்பு 1,40,000. சிஜிஎஸ்டி 12,600, எஸ்ஜிஎஸ்டி 12,600, மொத்தம் 1,65,200 ரூபாய். பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண் சரியாகவே அச்சாகியிருந்தது. பணம் முழுவதையும் அந்த வாரமே கொடுத்துவிட்டார்கள்.

சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து போர்ட்டல் மாதாமாதம் தரும் பட்டியல்தான் 2பி. மே 14-ஆம் தேதி வந்த 2பி-யில் அந்த பில் இல்லை. போன் போட்டுக் கேட்டதும், “பத்தாம் தேதியே ஃபைல் பண்ணியாச்சு அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க” என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஏப்ரல் மாத விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1, பக்கத்தில் Filed என்று பச்சை எழுத்தில். அதை நம்பி மே 20-இல் மாத வரி ரிட்டர்னான 3பி போடும்போது, வாங்கியதற்குக் கொடுத்த வரி 25,200 ரூபாயைக் கிரெடிட்டாக எடுத்து, அன்றைக்கே கட்ட வேண்டிய வரிக்கு ஈடுகட்டிவிட்டார்கள்.

அந்த ஸ்கிரீன்ஷாட் பொய்யில்லை. ஆனால் அது சொல்வது வேறு. ரிட்டர்ன் போட்டாயிற்று என்பதைத்தான் அது காட்டும். உங்கள் பில் அந்த ரிட்டர்னுக்குள் எங்கே போனது, போனதா இல்லையா என்பதை அதில் பார்க்கவே முடியாது. இங்கே அந்த வியாபாரி பில்லை, ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்கு விற்றதைக் காட்டும் பி2பி-யில் ஏற்றாமல், எண் இல்லாதவர்களுக்கு விற்றதைக் காட்டும் பி2சி-யில் சேர்த்திருந்தார். வெளியே கொடுக்கிற பில்லில் உங்கள் எண் இருக்கும். அவருடைய கணக்கு மென்பொருளில் உங்கள் லெட்ஜர் Unregistered/Consumer என்று கிடந்தால், ரிட்டர்ன் தயாராகும்போது அந்த பில் பி2சி-க்குப் போய்விடும். மாநிலத்துக்குள் நடக்கும் பி2சி விற்பனைக்கு பில் வாரியாக விவரம் கிடையாது, வரி விகிதம் வாரியாக மொத்தத் தொகை மட்டுமே போகும். எண் இல்லாமல் போன பில் உங்கள் 2பி-க்கு வர வழியே இல்லை.

இது கவனக்குறைவாகவும் இருக்கலாம், வேண்டுமென்றும் செய்யலாம். பில் வாரியாகக் கேள்வி வராத இடம் என்பதால் விற்பனையைக் குறைத்துக் காட்ட நினைப்பவருக்கு பி2சி வசதியான மறைவிடம். எப்படியானாலும் உங்களிடம் வரியை வாங்கிவிட்டு உங்கள் பெயரில் காட்டவில்லை என்றால், இழப்பு உங்கள் தலையில்தான். 2022 ஜனவரி 1 முதல் சட்டத்தின் 16(2)(ஏஏ) பிரிவு தெளிவாக இருக்கிறது: சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டி, அது உங்கள் 2பி-க்கு வந்தால்தான் கிரெடிட். கையில் பில் இருக்கிறது, பேங்கில் பணம் போயிருக்கிறது என்பது மட்டும் போதாது.

நவம்பரில் கடைக்கு DRC-01C வந்தது. 2பி-யில் உள்ளதைவிட 3பி-யில் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் எடுத்திருந்தால் போர்ட்டலே அனுப்பும் அறிவிப்பு அது. 7 நாளுக்குள் பதில் போட வேண்டும், அல்லது பணத்தைக் கட்ட வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட விடாது, அப்புறம் உங்களிடம் வாங்கியவர்களுக்கும் கிரெடிட் நிற்கும். நவம்பர் 20-இல் 25,200-ஐ DRC-03 என்ற படிவம் வழியாகக் கட்டினார்கள். 184 நாளுக்கு 18 சதவீத வட்டி 2,287 ரூபாய் தனியாக, ரொக்க லெட்ஜரிலிருந்து.

இனி, மே 14-க்கும் 20-க்கும் நடுவில் இருந்த அந்த ஆறு நாளில் செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறோம்.

போர்ட்டலில் Returns Dashboard போய், மாதத்தைத் தேர்ந்து, GSTR-2B-யை எக்செல்லாக இறக்குங்கள். பி2பி ஷீட்டிலிருந்து சப்ளையர் எண், பில் எண், மொத்த வரி மூன்றையும் எடுத்து 2B என்ற ஷீட்டில் A, B, C நெடுவரிசைகளில் வையுங்கள். உங்கள் கொள்முதல் பதிவேட்டையும் இன்னொரு ஷீட்டில் இதே வரிசையில் வைத்து, பக்கத்து நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

```
=COUNTIFS('2B'!A:A,A2,'2B'!C:C,C2)
```

0 வந்தால் அந்த பில் 2பி-யில் இல்லை. பில் எண்ணை வைத்து ஒப்பிடாமல் வரித் தொகையை வைப்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் 412 என்று பதிந்ததை அவர் 25-26/0412 என்று ஏற்றியிருப்பார், எண் ஒருநாளும் பொருந்தாது. பைசா வித்தியாசம் தொந்தரவு செய்யும், அதனால் இரண்டு பக்கமும் முதலில் ROUND செய்துகொள்ளுங்கள். 2 என்று வந்தால் ஒரே தொகையில் இரண்டு பில் இருக்கிறது, அங்கே மட்டும் பில் எண்ணைக் கண்ணால் பாருங்கள்.

0 வந்த ஒவ்வொன்றுக்கும் அடுத்த வேலை, Search Taxpayer-இல் சப்ளையர் எண்ணைப் போட்டு Show Filing Table பார்ப்பது. அவர் காலாண்டுக்கு ஒருமுறை போடுபவர் என்றால் பயப்பட வேண்டாம். இடை மாதத்தில் பி2பி பில்களை மட்டும் ஏற்றும் ஐஎஃப்எஃப் போடாவிட்டால் ஏப்ரல் பில் ஜூலை 14-இல்தான் வரும், அதுவரை கிரெடிட்டை நிறுத்தி வையுங்கள். அவர் மாதாமாதம் போடுபவர், அந்த மாதம் Filed என்றும் இருக்கிறது, உங்கள் பில் மட்டும் இல்லை என்றால்தான் சந்தேகம். அப்போது ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். அவருடைய ஜிஎஸ்டிஆர்-1-இன் பி2பி பட்டியலில் உங்கள் எண்ணும் பில் எண்ணும் உள்ள வரியை அனுப்பச் சொல்லுங்கள். சப்ளையர் ஏற்றும் பில்லை நீங்கள் ஏற்கவோ மறுக்கவோ போர்ட்டலில் உள்ள ஐஎம்எஸ்-இல் பில் தெரிகிறதே என்று சிலர் காட்டுவார்கள். சப்ளையர் சேமித்து வைத்தாலே அங்கே தெரியும், ஃபைல் பண்ணுவதற்கு முன் அழித்தால் மறைந்துவிடும். 2பி ஒன்றுதான் கணக்கு.

திருத்தச் சொல்லும்போது அவர் இழுத்தடிப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பில்லைப் பி2பி-யில் புதிதாக ஏற்றினால் மட்டும் போதாது, பழைய மாதத்துப் பி2சி மொத்தத்தையும் திருத்திக் குறைக்க வேண்டும். இரண்டாவதைச் செய்யாவிட்டால் ஒரே விற்பனைக்கு இரண்டு முறை வரி வரும் என்பதால் அவருடைய கணக்காளர் தள்ளிப்போடுவார். இதற்கான கடைசி நாள் நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30, உங்கள் கிரெடிட்டுக்கும் அதே நாள்தான். 2025-26 பில் என்றால் 2026 நவம்பர் 30. முன்னதாகவே ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் கதவு அன்றைக்கே மூடிவிடும்.

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் கேரளத்திலிருந்து சரக்கு இறக்குபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சப்ளையர் எண் 32-இல் தொடங்கி, சரக்கு உங்கள் கடைக்கு அனுப்பப்பட்டிருந்தால் ஐஜிஎஸ்டிதான் போட வேண்டும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டிருந்தால் பில் 2பி-யில் வரும், ஒப்பீட்டிலும் பொருந்தும், ஆனால் ITC Availability நெடுவரிசையில் No என்று இருக்கும். அந்த நெடுவரிசையைப் பார்க்காமல் கூட்டிப் போடுபவர்கள் நிறைய.

புது சப்ளையரிடம் வாங்கும்போது வரித் தொகையை மட்டும் நிறுத்தி வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்து பலன் தருகிற வழி. இந்த பில்லில் 1,40,000-ஐ உடனே கொடுத்து, 25,200-ஐ 2பி-யில் பார்த்த பிறகு தருவதாக ஆர்டரிலேயே எழுதியிருக்கலாம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அதையும் கொடுத்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த கிரெடிட்டில் கொடுக்காத தொகைக்கு உரிய பங்கைத் திருப்ப வேண்டி வரும்.

அந்த வியாபாரி டிசம்பர் ரிட்டர்னில் பில்லை ஏற்றினார். ஜனவரி 14-ஆம் தேதி 2பி-யில் வந்தது, 25,200 திரும்பக் கிடைத்தது. வட்டிக் காசு 2,287-ஐக் கேட்டபோது, “நாங்கதான் திருத்திக் குடுத்தாச்சே” என்று போனை வைத்துவிட்டார்.